கூடாரப் பையின் நான்கு வரிகள்

திருமழிசை தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் ஷெட்டில் வருடக்கணக்காக லாரித் தார்ப்பாய்தான் தைத்தோம். பிறகு பைக் உறை, மழைக்கோட்டு என்று சில்லறை வேலைகளும் சேர்ந்துகொண்டன. எனக்கு செக்கிங் வேலை. தைத்து வந்ததை மேசையில் விரித்து, தையல் விட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தைக்கிறவர்களுக்கு என்னைப் பிடிக்காது என்று பல வருடம் நினைத்திருந்தேன். பிடிக்காதது சாக்பீஸைத்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒரு ஆடி மாதத்தில் முதலாளி ஆரஞ்சு நிறத் துணி ரோல்களும் மெல்லிய அலுமினியக் கம்பிகளும் கொண்டுவந்து இறக்கினார். மலையேறுகிறவர்கள் முதுகில் தூக்கிக்கொண்டு போகும் சின்னக் கூடாரம் செய்யப் போகிறோம் என்றார். கொரட்டூரில் மலையேற்றச் சாமான் கடை வைத்து, சனி ஞாயிறுகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகும் ஒரு அம்மா கேட்டிருந்தாராம். மாதிரி பிடித்துவிட்டால் முதலில் நூறு வாங்குவார்.

முதலாளியே வரைந்து, வெட்டி, நான்கு முறை மாற்றி மாற்றித் தைக்க வைத்தார். கடைசியில் வந்தது நன்றாகவே இருந்தது. உள்ளே கொசுவலைத் துணியில் ஒரு கூடு, அதன்மேல் மழைத் துணியில் ஒரு போர்வை. குறுக்கே வளைந்து நிற்க இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் துண்டு துண்டாக மடங்கும், உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும். தரைக்குத் தடித்த துணி. இழுத்துக் கட்டக் கயிறு, தரையில் அடிக்கப் பதினான்கு முளை. எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பைக்குள் போட்டால் கைக்கு அடக்கமாக இருந்தது. அதுவரை கட்டி முடித்த கூடாரத்தை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பை மேல ஒரு சீட்டு தைக்கணும்மா. எத்தினி பேர் படுக்கலாம், மழைக்கு எவ்ளோ தாங்கும், எடை எவ்ளோ, கட்ட எவ்ளோ நேரம். நாலு வரி. உன் கையெழுத்து நல்லாருக்கும், தமிழ்ல எழுதிக் குடு. பிரிண்டுக்குப் போட்றேன்."

அவர் கொடுத்த துண்டுக் காகிதத்தில் இருந்தது இது: மூன்று பேர். மூவாயிரம் மில்லிமீட்டர். இரண்டு கிலோ. ஐந்து நிமிடம்.

"இத யார் சார் அளந்தது?" என்று கேட்டுவிட்டேன். எதிர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. செக்கிங் பழக்கம்.

அவர் சிரித்தார். "அளக்குறது இன்னாமா கீது? ஆன்லைன்ல பாரு, எல்லாரும் இதான் போட்டுகினு கீறான்."

"அளந்து எழுதட்டுமா சார்?"

"எழுது, எழுது. சீக்கிரம் குடு."

அவர் சும்மா சொன்னார். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். இந்த ஷெட் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் வயல். என் அம்மா அதில் கூலிக்கு நாற்று நட்டவள். என் வீட்டில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தாழும். அவர் எழுதிக் கொடுத்த எண்ணைச் சரிபார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது என்றால், வீட்டில் நம்ப மாட்டார்கள்.

எடைதான் சுலபம் என்று அதில் ஆரம்பித்தேன். பார்சல் அனுப்பும் மேசையில் மின் தராசு இருக்கிறது. சுருட்டிய பையை அப்படியே வைத்தேன். 2.360 காட்டியது. முதலாளி சொன்ன இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துப் பார்த்தேன். முளை, கயிறு, பை மூன்றையும் கழித்தால் 1.980. அவர் பொய் சொல்லவில்லை. ஆன்லைன்காரர்கள்தான் பாதிச் சாமானைக் கீழே வைத்துவிட்டு மீதியை எடை போடுகிறார்கள் போல. ஆனால் முளை இல்லாமல் காற்றில் எப்படி நிறுத்துவது? மலையேறுகிறவர் தூக்கப் போவது பையோடு எல்லாவற்றையும்தான். மாதிரிக்குத் தைத்திருந்த ஐந்து கூடாரங்களையும் எடை போட்டேன். பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருந்தது. 2.4 கிலோ, முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து என்று எழுதினேன்.

அடுத்து எத்தனை பேர். ஷெட்டின் நடுவே கூடாரத்தைக் கட்டினோம். தரை அகலம் 135 சென்டிமீட்டர், நீளம் 210. தையல்மேல் டேப் ஒட்டும் மெஷினை ஓட்டும் அக்காவையும், தையலில் இருந்து இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டேன். மூன்று பேரும் உள்ளே படுத்தோம். நடுவில் அக்கா.

"மல்லாக்கப் படுத்தா சரிதான்" என்றாள் அக்கா. "ஒருத்தி திரும்பணும்னா மூணு பேரும் திரும்பணும்."

"பை எங்கக்கா வெக்கறது?"

"உன் மூஞ்சி மேல வெச்சிக்கோ."

சிரித்ததில் கூடாரமே ஆடியது. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "மூணு பேர் படுத்துகினுதானே கீறீங்க? அப்புறம் இன்னா?" என்றார்.

"சார், நீங்க ஒரு தபா வந்து படுங்க. உங்க ஒசரத்துக்குப் பாக்கலாம்" என்று அக்கா சொன்னாள். எனக்குப் பகீரென்றது. ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமாகவே உள்ளே வந்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்து, டிரைவரையும் பேக்கிங் ஆளையும் அனுப்பினோம். மூன்று ஆண்கள். ஓரத்தில் படுத்தவரின் தோள் உள்வலையை வெளியே தள்ளி, மேல் துணியில் போய் முட்டியது. உள்வலை மேல் துணியைத் தொட்டால் அந்த இடத்தில் பனியும் மழையும் உள்ளே ஈரமாக இறங்கும். முதலாளியே அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். எழுந்து போனார். ஒரு ஆளுக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல், அதாவது அறுபத்தைந்து சென்டிமீட்டராவது வேண்டும். இரண்டு பேருக்கு 130. மிச்சம் ஐந்து. இரண்டு பேர் என்று எழுதினேன்.

மழைதான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்று பேக்கிங் ஆள் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை துணி கசியாமல் தாங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. இரண்டாயிரம் என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர். மழைக்கோட்டு வேலைக்காக வாங்கிய சோதனைக் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, கீழிருந்து தண்ணீரின் அழுத்தத்தை மெதுவாக ஏற்றினால், மேல்பக்கம் துளி துளியாக வரும். மூன்றாவது துளி வரும்போது அளவைப் படிக்க வேண்டும்.

துணி கொடுத்த கம்பெனியின் காகிதத்தில் மூவாயிரம் என்றுதான் இருந்தது. ரோலின் ஐந்து இடங்களில் வெட்டிப் பார்த்தேன். ஒன்று மூவாயிரத்தைத் தாண்டியது. மற்றவை குறைவு. மிகக் குறைந்தது 2650. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் கூடாரம் வெறும் துணி இல்லையே. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாசல். அதை அடைக்கத்தான் தையலின் உள்பக்கம் சூடான காற்றால் டேப் ஒட்டுகிறோம். டேப் ஒட்டிய தையலை வளையத்தில் வைத்துப் பார்த்தேன். 1400லேயே மூன்றாவது துளி வந்துவிட்டது.

அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. டேப் மெஷின் அவளுடையது. யாரும் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

"அக்கா, டேப் தூக்குது."

"எங்க தூக்குது? காட்டு."

காட்டினேன். பார்வைக்கு அழகாக ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினதும் நாடா மாதிரி உரிந்து வந்தது. அக்கா என் கையில் இருந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"மழைக்கோட்டுக்கு வெச்ச சூடுலயே ஓட்டிகினு கீறேன்" என்றாள். "இந்தத் துணி வேற, டேப்பும் வேற. சூடு ஏத்தணும். வேகத்தயும் கொறைக்கணும்."

இரண்டு நாள் இருவரும் அதிலேயே கிடந்தோம். சூட்டை ஏற்றினால் துணி சுருங்கியது. கொஞ்சம் இறக்கி, ரோலர் வேகத்தைக் குறைத்தோம். ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு முழம் ஒட்டி, ஆறவிட்டு, உரித்துப் பார்த்து, உரியாததை வளையத்தில் வைத்தேன். பதினேழாவது துண்டில் டேப் தனியாக உரிந்து வரவில்லை. இழுத்ததில் துணியின் பூச்சும் கூடவே வந்தது. அதில் இழுக்காத பகுதியின் அளவு 2300. அந்தத் துண்டை அக்கா மடித்துத் தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஷெட்டின் பின்னால் கூடாரத்தைக் கட்டி, உள்ளே தரை முழுக்கச் செய்தித்தாள் பரப்பி, ஜிப்பை மூடி, ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீரை மழை மாதிரி தெளித்தோம். திறந்து பார்த்தால் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு ஈரம். மூன்று தையல்கள் சேரும் இடம். அங்கே டேப்பின் மேல் டேப் ஏறி, நடுவே காற்றுக்குமிழ் நின்றிருந்தது. அதுபோன்ற நான்கு மூலைகளுக்கும் வட்டமாக ஒரு ஒட்டு வெட்டிப் போட்டோம். மறுநாள் திரும்பவும் ஒரு மணி நேரம். எல்லாத் தாள்களும் பரப்பியபோது இருந்த மாதிரியே காய்ந்து கிடந்தன.

மேல் துணி 2000 மில்லிமீட்டர், தையலோடு என்று எழுதினேன். அந்த 'தையலோடு' என்ற சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். தரைத் துணியைத் தனியாகப் பார்த்தபோது எல்லா இடத்திலும் மூவாயிரத்துக்கு மேலேயே இருந்தது. படுக்கிறவரின் முழங்கால் அழுத்துகிற இடம், அங்கே அது வேண்டும். தரை 3000 என்று எழுதினேன்.

கடைசியாக நேரம். முதலாளி கட்டினால் நான்கு நிமிடம். கூடாரம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி, அவருக்குக் கண்ணை மூடினாலும் வரும். அதனால் கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அறுபது வயது, கூடாரத்தைத் தொட்டதே இல்லை. விளக்கக் காகிதத்தைக் கையில் கொடுத்து, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன்.

"இன்னாமா இது, இந்தக் கம்பி எங்க போவுது?"

"நான் சொல்லக் கூடாது ஐயா. பேப்பரப் பாருங்க."

"பேப்பர்ல கம்பி நேராக் கீது. இது வளையுதே!"

பத்தொன்பது நிமிடம் ஆனது. பாதி நேரம் மேல் துணியின் எந்தப் பக்கம் வாசல் என்று தேடுவதிலேயே போனது. மூன்று முறை போர்த்தி மூன்று முறை கழற்றினார். அன்று மத்தியானம் ஒரு முடிவு செய்தேன். உள்கூட்டின் வாசல் பக்க மூலை இரண்டிலும் சிவப்பு நாடா, மேல் துணியின் அதே மூலைகளிலும் சிவப்பு நாடா தைக்கச் சொன்னேன். சிவப்பைச் சிவப்போடு மாட்ட வேண்டியதுதான். முதலாளியிடம் கேட்கவில்லை. அடுத்து பேக்கிங் ஆள், அவரும் அதுவரை கட்டாதவர், பன்னிரண்டு நிமிடத்தில் கட்டினார். கேண்டீன் அம்மா பதினொன்று. வாட்ச்மேன் ஐயா இரண்டாவது முறை ஏழு நிமிடத்தில் கட்டிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தார்.

முதல் தடவை 12 நிமிடம், பழகினால் 7.

நான்கு வரியையும் கோடு போட்ட தாளில் எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாமே கம்மியா கீதேம்மா. ஆளும் கம்மி, மில்லிமீட்டரும் கம்மி. எடையும் நேரமும் மட்டும் ஜாஸ்தி. இதப் பாத்துட்டு எவன் வாங்குவான்?"

"அளந்தது அதான் சார்."

"அளந்த, சரிம்மா. ஊரே மூவாயிரம் போடும்போது நாம ரெண்டாயிரம்னு போட்டா நம்ம பொருள்தான் மட்டம்னு நெனைப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் அவருடைய எண்களோடு சீட்டு அச்சாகி வந்தது. பளபளவென்று. மாதிரிப் பையில் அதைத்தான் தைத்தோம். என் தாள் அவர் மேசை டிராயருக்குள் போனது. அன்று பூந்தமல்லி பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை வரவில்லை, ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கொரட்டூர் அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயதிருக்கும். குதிகாலில் மண் ஒட்டிய பூட்ஸ். பையில் இருந்து அவர் முதலில் எடுத்தது கொக்கி வைத்த சின்னத் தராசு.

சீட்டைப் படித்தார். "ரெண்டு கிலோவா? நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுப் பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். தராசில் 2.37.

அவர் முகம் மாறவில்லை. பழகியவர்போல அடுத்த வரிக்குப் போனார். "மூணு பேர். தரை அகலம் எவ்ளோ சார்?"

முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டு, "நூத்தி முப்பத்தஞ்சு" என்றார்.

"அப்ப மூணு பேரு எப்படி சார்?"

நான் செக்கிங் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் சாக்பீஸ், அதைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த டிராயருக்குள் இருந்தது.

"டிராயர்ல ஒரு பேப்பர் கீது பாரும்மா" என்றார் அவர். "அத எடுத்து மேடம்கிட்ட குடு." பிறகு அந்த அம்மாவிடம், "சீட்டு நான் போட்டது மேடம். தப்பு. அந்தப் பேப்பர் இந்தப் பொண்ணு அளந்து எழுதனது. அத வெச்சிப் பாருங்க" என்றார்.

எங்கள் ஷெட்டில் அவர் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா நின்றபடியே படித்தார்.

"'தையலோடு'ன்னா?"

"துணி மட்டும்னா இன்னும் மேல தாங்கும் மேடம். தைச்சு டேப் ஒட்டின எடத்துலதான் மொதல்ல கசியும். அந்த எடத்த வெச்சு எழுதனது. அளந்தது 2300. எல்லா டென்டும் ஒரே மாதிரி வராதுன்னு கொறச்சுப் போட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்த சீட்டுலயும் இத நான் பாத்ததில்ல" என்றார். "தண்ணி ஊத்திப் பாக்கலாமா?"

பின்பக்கம் கட்டினோம். கட்டியது அவருடைய கார் டிரைவர். புது ஆளாக வேண்டும் என்று அவரே சொன்னார். பதின்மூன்று நிமிடம். என் எழுத்தைவிட ஒரு நிமிடம் அதிகம். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"நடுவுல ஃபோன் எடுத்துப் பேசினான், அத கழிச்சிடுங்க" என்று அந்த அம்மா சிரித்தார்.

தண்ணீர் தெளிக்கத் தெளிக்க அவர் உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டார். முக்கால் மணி நேரம். நானும் முதலாளியும் அக்காவும் வெளியே நின்றோம். ஆரஞ்சுத் துணியில் தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மூலைகளையே பார்த்தாள். ஜிப் திறந்தது. அந்த அம்மா உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார். காய்ந்திருந்தன.

"நூத்தம்பது போடுங்க சார்" என்றார். "சீட்டு மட்டும் இந்தப் பேப்பர்ல இருக்கிறபடியே. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

முதலாளி அவரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். என் மேசை அருகே நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த செவப்பு நாடா யார் தைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"கேக்காமயே?"

"ஆமா சார்."

"நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே புதிய சீட்டு அச்சானது. என் வாக்கியங்கள், என் எண்கள். அச்சில் என் பெயர் கிடையாது. ஆனால் முதல் பையில் அதை வைத்துத் தைக்கும்போது மெஷின்காரியை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து தைத்தேன். தையல் கொஞ்சம் கோணல். சாக்பீஸ் வட்டம் போடவில்லை.

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். "உன் எழுத்தையா அச்சுல போட்டாங்க? அந்த ஊட்டுப் புள்ளையா ஒத்துகினாரு?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் முன்னால் கேட்டாள்.

கார்த்திகையில் கொரட்டூர் அம்மா ஒரு படம் அனுப்பினார். மலைமேல் புல்வெளி, சாம்பல் நிற வானம், மழை கோடு கோடாக விழுகிறது. நடுவே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சுக் கூடாரம். கீழே, 'உள்ளே எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் திரையைப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். "எங்கயும் தூக்கல" என்றாள்.

படத்தோடு ஒரு குறையும் வந்தது. ஈரமான கூடாரத்தைத் திரும்பச் சுருட்டினால் பைக்குள் நுழைய மாட்டேன் என்கிறதாம். குளிரில் விறைத்த கையால் திணிக்க முடியவில்லையாம். அடுத்த நூறுக்குப் பையின் வாயை இன்னும் மூன்று விரல் அளவு அகலமாக்கினோம். வெட்டி வந்த முதல் பையைத் தராசில் வைத்தேன். எட்டு கிராம் கூடியிருந்தது. கூடாரத்தோடு சேர்த்தாலும் 2.4க்குள்தான் இருந்தது. சீட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.